ஆடிச் செவ்வாயில் உட்கார்ந்து பேசினோம்

போன ஆடி பிறந்த மூன்றாம் நாள். இரவு கடையைப் பூட்டப் போகிற நேரம். என்னிடம் வேலை செய்த பெண் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டே, "அக்கா, இந்த மாசத்தோட நின்னுக்கறேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துத் தடவித் தடவி மடித்தாள்.

கும்பகோணத்தில் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். நாற்காலி நான்கு. என்னையும் சேர்த்து வேலை செய்கிறவர்கள் நான்கு பேர். அவள் என்னிடம் 6 வருடம் இருந்தாள். த்ரெட்டிங் நூலைப் பிடிக்கத் தெரியாமல் வந்தவள், இன்றைக்குக் கலர், ஸ்மூத்தனிங், மணப்பெண் அலங்காரம் எல்லாம் தனியாகச் செய்கிறவள். அவள் பெயரைச் சொல்லி, "அந்தப் பொண்ணு இருக்கா?" என்று போனில் கேட்டுவிட்டு வருகிறவர்கள் பாதிப் பேர்.

கேட்டவுடனே, சம்பளத்தில் 2,000 கூட்டித் தருகிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதை ஒருமுறை செய்து பட்டிருக்கிறேன். அதற்கு முன் என்னிடம் இருந்த ஒரு பெண் நிற்கிறேன் என்றபோது, காரணம்கூடக் கேட்காமல் சம்பளத்தைக் கூட்டி நிறுத்தி வைத்தேன். இரண்டு மாதம் இருந்தாள். மாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள் போன் எடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த கஸ்டமர்களுக்கு என்ன கலர், என்ன அளவு என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஆறேழு பேரின் தலையில் நான் குத்துமதிப்பாகக் கலந்து போட்டதில் மூன்று பேர் திரும்பி வரவேயில்லை.

அதனால் இந்த முறை, "சரிம்மா. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமையை வேண்டுமென்றேதான் எடுத்தேன். நம் பக்கம் செவ்வாயும் வெள்ளியும் யாரும் முடி வெட்டிக்கொள்ள வர மாட்டார்கள். ஆடியில் கல்யாணமும் கிடையாது. ஆடிச் செவ்வாய் என்றால் காலையில் பெண்கள் கோயிலுக்குப் போய்விடுவார்கள். மதியம் 2 மணிக்கு மேல் கடை காலியாக இருக்கும். இந்தப் பேச்சைக் கஸ்டமர் நாற்காலியில் இருக்கும்போது நின்றுகொண்டே பேசக்கூடாது. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடமும் பேசக்கூடாது. மற்ற இரண்டு பெண்களையும் அன்று மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் காதில் விழும் என்றால் அவள் மனதில் இருப்பது வெளியே வராது.

முதலில் கணக்கைத்தான் எடுத்தேன். அன்று வரைக்குமான சம்பளம், முந்தின மாதம் அவள் செய்த வேலைக்கு வர வேண்டிய கமிஷன், தீபாவளிக்கு அவள் வாங்கிய முன்பணத்தில் பாக்கி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கழித்துக் கூட்டி, மீதிப் பணத்தைக் கவரில் போட்டு அவள் பக்கம் தள்ளி வைத்தேன். அவள் பயிற்சி முடித்த சர்ட்டிஃபிகேட்டின் நகல் ஒன்று என் மேசையில் இருந்தது, அதையும் கொடுத்தேன். "மீதி நாள் சம்பளம் கடைசி நாள் அன்னைக்கே கையில வந்துடும். இந்தக் கணக்குக்கும் நாம பேசப்போறதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று சொன்னேன்.

இந்த வரிசை முக்கியம் என்று எனக்கு அன்று புரிந்தது. நம் கையில் அவள் பணம் இருக்கும் வரை அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள். சொல்லி, அக்காவுக்குக் கோபம் வந்து, கமிஷனை இழுத்தடித்தால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும். கவரை வாங்கி, எண்ணிப் பார்க்காமல் பைக்குள் வைத்த பிறகுதான் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா நிக்கற?" என்று கேட்டால் வரும் பதில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதையேதான் சொன்னாள். "வீட்ல மாமியார் வேண்டாங்கறாங்கக்கா. பாப்பாவைப் பார்த்துக்க ஆள் இல்ல." அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த மாமியார் 6 வருடமாக இருக்கிறார். அந்தக் குழந்தைக்கு 5 வயது. இதுவரை பொறுத்துக்கொண்டது இப்போது ஏன் முடியவில்லை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

அதனால் கேள்வியை மாற்றினேன். "நிக்கணும்னு முதல் முதல்ல என்னைக்குத் தோணிச்சு? அன்னைக்கு என்ன நடந்தது?"

காரணம் கேட்டால் மனிதர்கள் பொதுவாகப் பேசுவார்கள். நாளைக் கேட்டால் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வைகாசில, அந்த சுவாமிமலை கல்யாணத்துக்கு மறுநா" என்றாள்.

சுவாமிமலைக் கல்யாணம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. முகூர்த்தம் 4.30 - 6.00. மணப்பெண்ணுக்கு மேக்கப், தலை அலங்காரம், புடவை கட்டிவிடுவது, அப்புறம் பெண்ணின் அக்கா, அத்தை, சித்தி என்று கூட 5 பேர். அவள் வீடு பாபநாசத்துக்கு உள்ளே ஒரு கிராமம். இரவு 1 மணிக்கு எழுந்து, வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட, 2 மணிக்கு மண்டபத்தில் இருந்தாள். எல்லாம் முடிய காலை 9 ஆனது. வீட்டுக்குப் போய்க் குளித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு, பஸ் பிடித்துக் கடைக்கு வரும்போது 11.30.

"நீங்க ஒண்ணும் சொல்லலக்கா. மறுநா வருகை நோட்டைப் பார்த்தேன். அரை நாள்னு போட்டிருந்தீங்க."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முந்நூறு ரூபா பெரிசு இல்லக்கா. ராத்திரி ரெண்டு மணிலேர்ந்து நான் நின்னுருக்கேன்னு அந்த நோட்டுல எங்கயுமே இல்ல. அதான்."

எனக்குப் பதில் தயாராக இருந்தது. மணப்பெண் வேலைக்குத் தனியாக 1,500 கொடுக்கிறேன், அது கணக்கில் வேறு, கடைக்கு 10 மணிக்கு வருவது வேறு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தில் அது பேரமாக மாறியிருக்கும். அவள் விட்டுக்கொடுத்து, "பரவால்லக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மூடியிருப்பாள். போகிறவளிடம் நம் நியாயத்தை நிறுவி என்ன கிடைக்கப்போகிறது? ஒரு நோட்டை எடுத்து, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன். "வேற?" என்று கேட்டேன். குடும்பமாக வருகிற பேக்கேஜில் அத்தை, சித்திகளுக்குச் செய்யும் வேலைக்குக் கமிஷன் கிடையாது என்பதையும் சொன்னாள். அதையும் எழுதினேன்.

அவள் போன பிறகு வைகாசி மாத வருகை நோட்டைப் புரட்டினேன். நீல மையில் என் கையெழுத்து. அவள் பெயருக்கு நேரே "அரை". அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நான் என்ன யோசித்தேன் என்று எவ்வளவு முயன்றும் நினைவு வரவில்லை. எதையும் யோசித்திருக்க மாட்டேன். பழக்கத்தில் போட்டிருக்கிறேன்.

எங்கே போகிறாள் என்பதையும் அன்றே கேட்டேன். வீட்டு முன் அறையில் சின்னதாகத் தொடங்கப் போகிறாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி. கேட்டதும் வயிற்றில் ஒரு பயம் வந்தது உண்மை. ஆனால் தெரிந்துகொண்டதால்தான் அடுத்த மூன்று வாரத்தைச் சரியாக நடத்த முடிந்தது.

அன்று ஒன்றைக் கேட்க மறந்தேன். நீ போவதை மற்றவர்களிடம் என்னவென்று சொல்வது என்று கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கஸ்டமர், "என்ன, அந்தப் பொண்ணு நிக்கப்போறாளாமே?" என்று கேட்க, நான், "வீட்ல கொஞ்சம் பிரச்சினை" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஆகி, பெரிய கடைத்தெருவைச் சுற்றி, அவள் வீட்டுக்காரர் காதிலேயே விழுந்தது. மறுநாள் கண் வீங்கி வந்து நின்றாள். அவளிடமும், போன் செய்து அவள் வீட்டுக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வரியை முடிவு செய்தோம்: "சொந்தமா வீட்டுலேயே ஆரம்பிக்கப்போறா. ஆடிக் கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பா." கடையில் யார் கேட்டாலும் நால்வர் வாயிலும் இதே வரி. முதல் பேச்சிலேயே இதை முடித்திருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய் கஸ்டமர் கார்டுகளை எடுத்து வைத்தோம். காரணம் கேட்பதையும் கஸ்டமரை ஒப்படைப்பதையும் ஒரே நாளில் செய்யாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. முதல் பேச்சு மனசு சம்பந்தப்பட்டது. இரண்டாவதற்குப் பொறுமையும் ஞாபகமும் வேண்டும். அழுத கண்ணோடு கலர் நம்பர் சொல்ல வராது.

மூன்று மாத அப்பாயின்ட்மென்ட் நோட்டை வைத்து அவள் கையில் வந்தவர்களைப் பிரித்தோம். யார் பெரிய பில் போடுகிறவர் என்று பிரிப்பதுதான் என் முதல் எண்ணம். அவள்தான், "யாரு எத்தனை நாளுக்கு ஒருதடவை வராங்கன்னு பாருங்கக்கா" என்றாள். அதுதான் சரியான வழி. புருவத்துக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவார்கள். அவள் போவதற்குள் அவர்களை ஒருமுறையாவது நேரில் புதுக் கையோடு சேர்த்துவிடலாம். நரைக்குக் கலர் போடுகிறவர்களுக்கு நான்கு ஐந்து வாரம் ஆகும். சிலர் ஆடிக்குள் வருவார்கள், சிலருக்கு முறை ஆவணியில்தான் வரும். அப்படித் தள்ளிப் போகிறவர்களுக்குப் போன் செய்து, ஒரு வாரம் முன்னாலேயே வரச் சொல்ல வேண்டும். ஸ்மூத்தனிங் செய்தவர்கள் மாதக்கணக்கில் வர மாட்டார்கள். அவர்கள் விஷயத்தில் எழுத்து மட்டும்தான் துணை.

அந்த எழுத்து எப்படி இருந்தது என்பதைப் பார்த்துத்தான் நான் திடுக்கிட்டேன். என் கார்டுகளில் தேதி, சர்வீஸ், தொகை மூன்றும்தான் இருந்தன. எல்லாம் பில்லுக்காக எழுதியது.

ஒரு டீச்சர் அம்மா இருக்கிறார். ரிட்டயர் ஆகப் போகிற வயது. மாதம் தவறாமல் வருவார். அவர் கார்டில் வரிசையாக "ஹேர் கலர், ஹேர் கலர், ஹேர் கலர்" என்று இருந்தது. இதை இனிமேல் பார்க்கப் போகிற பெண், அதைப் படித்துவிட்டு என்ன செய்வாள்? அலமாரியில் இருக்கிற கிரீம் கலரில் 4 நம்பரை எடுத்து, 20 வால்யூம் டெவலப்பரில் கலந்து போட்டிருப்பாள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஐயோ, அவங்களுக்குக் கிரீம் கலரே கூடாதுக்கா" என்றாள் இவள். இரண்டு வருடத்துக்கு முன், ஊருக்குப் போன இடத்தில் வேறு எங்கோ கருப்புக் கலர் போட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் தடித்து, கண் இமை வீங்கி டாக்டரிடம் போயிருக்கிறார். பிபிடி ஒத்துக்கொள்ளவில்லை, இனிமேல் அது கலந்த சாயம் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவள் அவருக்கு மருதாணியும் அவுரியும் மட்டும்தான் போடுகிறாள். அதை நானும் பார்த்திருக்கிறேன், டீச்சர் அம்மாவுக்கு இயற்கை வழி பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிபிடி என்பது கருமை நிறத்துக்காகப் பெரும்பாலான தலைச்சாயங்களில் இருக்கும் ரசாயனம். அது ஒருமுறை ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த முறை இன்னும் வேகமாக, இன்னும் மோசமாக வரக்கூடும். பெட்டியில் "அமோனியா இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அமோனியா இல்லாத சாயத்திலும் பிபிடி இருக்கும். கடைகளில் கிடைக்கும் "கருப்பு மருதாணி" பொடிகள் பலவற்றிலும் இருக்கும். சாதாரணமாக நாம் 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுச் சாயம் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். ஆனால் ஏற்கெனவே வீங்கியவருக்கு அந்தச் சோதனையையே நாம் செய்யக் கூடாது. அது தோல் டாக்டர் பார்க்க வேண்டியது.

அவள் செய்யும் முறையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வேறெதுவும் கலக்காத மருதாணிப் பொடியை முதல் நாள் இரவே கரைத்து வைத்து, மறுநாள் தலையில் இரண்டு மணி நேரம். வெறும் தண்ணீரில் அலசல். அப்புறம் அவுரிப் பொடி. அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு கரைத்து, கால் மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், வைத்திருந்தால் பிடிக்காது. ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். இரண்டு நாளுக்கு ஷாம்பு கூடாது. அலசியவுடன் முடி கொஞ்சம் பச்சையடித்த மாதிரி தெரியும், அடுத்த நாள் கருத்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் புதுப் பெண் பயந்துபோய் மேலே இன்னொரு கலரைப் பூசிவிடுவாள். "பச்சையா இருக்கும், பயப்படாதே" என்றே கார்டில் எழுதினேன். மேலே சிவப்பு மையில், "கிரீம் கலர் கூடவே கூடாது. டாக்டர் சொன்னது."

ஒரு கார்டுக்கு இவ்வளவு என்றால் மற்றவை? அன்று மாலை வரைக்கும் 19 கார்டுதான் முடிந்தது. அதற்கடுத்த செவ்வாயும் உட்கார்ந்தோம். எல்லாவற்றுக்கும் நான் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் கார்டை மட்டும் படிச்சிட்டு ஒருத்தி வேலை செஞ்சா எங்க தப்பு பண்ணுவா?" அவள் நினைவு அந்தக் கேள்விக்குத்தான் சரளமாக வந்தது. ஒருவருக்கு நெற்றியோரத்து நரை பிடிவாதமானது, அங்கே முதலில் தடவி 10 நிமிஷம் கழித்துத்தான் மற்ற இடம். ஒரு கல்லூரிப் பெண் ஸ்மூத்தனிங் செய்துகொண்டிருக்கிறாள், ஆனால் வீட்டில் தலைக்கு மருதாணி வைப்பதை அம்மாவுக்குப் பயந்து சொல்ல மாட்டாள், நகத்தைப் பார்த்தால் தெரியும். இதெல்லாம் எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தருவதில்லை.

ஒரு கார்டு வந்தபோது மட்டும் அவள் சட்டென்று நிறுத்தினாள். "இவங்களுக்கு உள்நாற்காலி. திரையைப் போட்டுட்டுதான் தலையைப் பிரிக்கணும். உச்சந்தலையைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது." நான் ஏன் என்று கேட்டேன். "அது அவங்க எங்கிட்ட சொன்னதுக்கா. எழுதிக்காதீங்க" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அந்த அம்மா கார்டில், "உள்நாற்காலி. திரை. பேச்சு வேண்டாம்" என்பதோடு விட்டுவிட்டேன். அடுத்து வேலை செய்பவளுக்கு அவ்வளவு போதும்.

ஆவணியில் ஒரு கல்யாணம் இருந்தது. முன்பணம் வாங்கியாயிற்று. ஐயர் வீட்டுக் கல்யாணம். கூறைப்புடவையைக் கையில் கொடுத்து, பெண்ணை உள்ளே அனுப்பி, ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். வாத்தியார் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த இருபது நிமிஷத்துக்குள் கட்டி முடிக்க என் கடையில் அவள் ஒருத்திக்குத்தான் கை வரும். இதைப் புதுப் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்து மணமேடைக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். அதனால் அந்த ஒரு நாளைக்கு அவள் வந்து செய்ய வேண்டும் என்று கேட்டேன். இந்த முறை கூலியை அவளையே சொல்லச் சொன்னேன். 3,500 என்றாள். போக வர ஆட்டோ என் செலவு. தேதி, நேரம், தொகை மூன்றையும் எழுதி இரண்டு பேரும் ஆளுக்கொரு தாள் வைத்துக்கொண்டோம். பெண் வீட்டாருக்கு அன்றே போன் செய்து, இனி அவள் கடையில் இல்லை, ஆனாலும் உங்கள் கல்யாணத்துக்கு அவள்தான் வருவாள் என்று சொல்லிவிட்டேன். பிறகு தெரியவந்து பதறுவதைவிட இது மேல்.

கஸ்டமர்களிடம் சொன்ன விதத்தையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அதைப் படிக்கிறவர், "அப்ப அவ நம்பர் என்ன?" என்று கேட்பாரே தவிர, புதுப் பெண்ணைப் பற்றி யோசிக்க மாட்டார். ஆகவே ஒவ்வொருவரிடமும் நாற்காலியில் இருக்கும்போது அவளே சொன்னாள். வேலை முடிந்து கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாக இருக்கும் நேரத்தில் சொல்வாள். "ஆன்ட்டி, நான் சொந்தமா ஆரம்பிக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்னு இவகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், இவளே கலந்தது தான் இன்னைக்குப் போட்டேன்" என்று பக்கத்தில் நிற்கிற பெண்ணைக் காட்டுவாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. ஆடி இரண்டாம் வாரத்திலிருந்தே கலர் கலப்பது, அலசுவது, சீவுவது எல்லாவற்றையும் புதியவள் கையில் கொடுத்து, இவள் பக்கத்தில் நின்றாள். தன் தலையில் பாதி வேலையை ஏற்கெனவே இந்தப் பெண் செய்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் மனதில் பயம் போய்விடும்.

த்ரெட்டிங்கில் மட்டும் இது பலிக்கவில்லை. கலருக்கு அளவு உண்டு, எழுதி வைக்கலாம். நூல் இழுக்கும் வேகமும் அழுத்தமும் அவரவர் கையில் இருப்பது. முதல் இழுப்பிலேயே, "இது அவ கை இல்லையே" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். புருவத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தவர்களில் பலர் விட்டுப் போனார்கள். அது நடக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அவள் போனில் கஸ்டமர் நம்பர்கள் இருந்தன. அழிக்கச் சொல்ல வேண்டும், இந்த ஊர்ப் பக்கம் கடை போடக் கூடாது என்று எழுதி வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். என் கஸ்டமரில் ஒருவர் வக்கீல். அவரிடம் கேட்டேன். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, வேலையை விட்டுப் போன பிறகு அவளைத் தொழில் செய்யாதே என்று கட்டிப்போட முடியாது என்றார். எனக்கும் அப்படிச் செய்ய மனம் இல்லை. அவளிடம் நேராகவே பேசினேன். "பாபநாசம், அய்யம்பேட்டை பக்கத்துலேர்ந்து வரவங்க உங்கிட்டயே வரட்டும், அவங்களுக்கும் பஸ் செலவு மிச்சம். கும்பகோணத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு நீயா போன் பண்ணிக் கூப்பிடாதே. அவங்களா தேடி வந்தா அது அவங்க இஷ்டம்." சரி என்றாள். இதற்கு எழுத்து எதுவும் இல்லை. நான் அறிந்தவரை அவள் அதை மீறவில்லை.

ஆவணிக் கல்யாணத்துக்கு அவள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே வந்து நின்றாள். புதுப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, "ஐயர் வீட்ல தலைப்பு வலது தோள், ஐயங்கார் வீட்ல இடது தோள், இதை முதல்ல கேட்டுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். அன்று என்னோடு வந்த புதுப் பெண்ணின் பெயருக்கு நேரே வருகை நோட்டில், "முகூர்த்தம், 2 மணி முதல்" என்று எழுதி முழு நாள் போட்டேன். மறுநாள் அவளுக்குச் சம்பளத்தோடு லீவு. பேக்கேஜில் சேர்ந்த அத்தை, சித்திகளுக்கும் இப்போது கமிஷன் உண்டு. அதற்கு ஈடாகப் பேக்கேஜ் விலையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

மார்கழியில் கடை மறுபடி காலியாக இருந்த ஒரு செவ்வாய் அவளுக்குப் போன் செய்தேன். டீச்சர் அம்மாவுக்கு அவுரி சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு சந்தேகம் கேட்கத்தான். பொடி பழசாக இருக்கும், புதுப் பாக்கெட் பிரித்துப் பாருங்கள் என்றாள். அப்படித்தான் இருந்தது. பேச்சு நீண்டது. அவள் கடையில் இரண்டாவது நாற்காலி வாங்கியிருக்கிறாள். போனை வைப்பதற்கு முன், "அந்த அரை நாள் விஷயம் இன்னும் மனசுல இருக்கும்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. "அது மட்டும் இல்லக்கா" என்றாள்.

அதற்கும் முன்னால், தை மாதத்தில், ஒரு பெண்ணுக்கு லேயர் கட் செய்துகொண்டிருந்தாளாம். நான் பின்னால் வந்து பார்த்து, "இப்படியா எடுக்கறது" என்று அவள் கையிலிருந்த கத்தரியை வாங்கி, அவளை நகரச் சொல்லிவிட்டு மீதியை நானே வெட்டினேனாம். அந்தப் பெண் கண்ணாடியில் இவள் முகத்தைப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு அந்தப் பெண் இவளிடம் வெட்டிக்கொள்ளவே இல்லை. எனக்கு இது துளிகூட நினைவில்லை. அவளுக்கு அந்தப் பெண் போட்டிருந்த சுடிதாரின் நிறம் வரைக்கும் நினைவிருந்தது.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"அன்னைக்கு நீங்க எல்லாத்தையும் எழுதிக்கிட்டு இருந்தீங்க. இதை எழுத வேண்டாம்னு தோணிச்சுக்கா."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆடியில் எழுதிய அந்த நோட்டில் இதைச் சேர்க்கவில்லை. இப்போது கடையில் யாராவது வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை என்றால், "தண்ணி குடிச்சிட்டு வா" என்று அவளை உள்ளே கூப்பிட்டு அங்கே சொல்கிறேன். அவள் திரும்பிப் போய்த் தன் கத்தரியாலேயே திருத்துகிறாள்.